கடைசி நேரத்தில் ‘வர முடியல’: துணைக்கு மன்னிப்புச் செய்தி எழுதுவது எப்படி?

மாலை 7 மணிக்கு நாடகம். இரண்டு வாரத்துக்கு முன்பே டிக்கெட் எடுத்து வைத்திருந்தவர் என் கணவர். அன்று 4 மணிக்கு என் மேலாளர் ஓர் அறிக்கையைக் கொடுத்து, நாளைக் காலை வாடிக்கையாளரிடம் போக வேண்டும் என்றார். 6 மணிக்குள் முடித்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன். 6.10க்கு, இது முடிகிற வேலை இல்லை என்று எனக்கே ஒப்புக்கொண்டு, இப்படி ஒரு செய்தி அனுப்பினேன்:

“சாரி டா, திடீர்னு வேலை வந்துடுச்சு. இன்னைக்கு வர முடியல. என்ன பண்றது, எங்க ஆபீஸ் பத்தி உனக்கே தெரியும்ல. கோச்சுக்காதே ப்ளீஸ். இன்னொரு நாள் கண்டிப்பா போலாம்.”

அவர் அப்போது அரங்க வாசலில் நின்றுகொண்டிருந்தார். “சரி” என்று மட்டும் பதில் வந்தது. வீட்டில் அன்றிரவு சண்டை எதுவும் இல்லை. சண்டை வந்திருந்தால் தேவலை என்று தோன்றும் அளவுக்கு அமைதி.

அந்தச் செய்தியில் பொய் ஒன்றும் இல்லை. வருத்தமும் உண்மையானதுதான். ஆனாலும் அது மன்னிப்பாகப் போய்ச் சேரவில்லை. இப்படியொரு செய்தியை முதல்முறையாக எழுத உட்காருகிறவர்களுக்காக, என்னுடைய அந்த ஐந்து வரிகளையே பிரித்துப் போட்டு, எதை எப்போது எப்படி எழுதியிருக்க வேண்டும் என்று பார்க்கலாம்.

தகவல் ஒரு செய்தி, மன்னிப்பு இன்னொரு செய்தி

நான் செய்த முதல் தவறு, இரண்டு வேலையை ஒரே செய்தியில் செய்யப் பார்த்தது. வரவில்லை என்ற தகவல் அந்த நிமிடமே போய்ச் சேர வேண்டியது. எதிரில் இருப்பவர் அதை வைத்து முடிவெடுக்க வேண்டும்: தனியாக உள்ளே போவதா, யாரையாவது அழைப்பதா, வீட்டுக்குத் திரும்புவதா? மன்னிப்பு அப்படி இல்லை. அதற்கு யோசிக்க நேரம் வேண்டும், அவர் சொல்வதையும் கேட்க வேண்டும். இரண்டையும் கலந்தால் தகவலில் தெளிவு போய்விடும், மன்னிப்பில் அவசரம் தெரியும்.

என் 6.10 செய்தியை மறுபடி படித்துப் பாருங்கள். அவருக்குப் பயன்படும் விவரம் ஒன்றுகூட அதில் இல்லை. நான் எத்தனை மணிக்கு வருவேன், என் டிக்கெட்டை என்ன செய்வது, மறுபடி எப்போது பேசுவேன், எதுவுமே இல்லை. இருந்ததெல்லாம் என்னைப் பற்றி.

ஆகவே முதலில் தகவல். சந்திக்க வேண்டிய நேரத்துக்கு ஒன்றரை மணி நேரத்துக்கும் குறைவாக இருந்தால் செய்தி அனுப்பாதீர்கள், அழையுங்கள். அவர் வண்டி ஓட்டிக்கொண்டிருக்கலாம், போனைப் பையில் போட்டிருக்கலாம். இரண்டு முறை அழைத்தும் எடுக்கவில்லை என்றால் எழுதலாம். எழுதுவது இந்த அளவு போதும்:

“இன்னைக்கு நாடகத்துக்கு நான் வரல. வேலை 9 மணி வரைக்கும் போகும். ரொம்ப சாரி. நீ பாக்கறதா இருந்தா பாரு, என் டிக்கெட்டுக்கு யாரையாவது கூப்பிட்டுக்கோ. 9 மணிக்கு நானே போன் பண்றேன்.”

இதில் இரண்டு இடங்களைக் கவனியுங்கள். ஒன்று, “வரல” என்று முடிந்த முடிவாகச் சொல்வது. “பாக்கலாம்”, “ட்ரை பண்றேன்”, “லேட் ஆகலாம்” என்றெல்லாம் எழுதினால் உங்கள் மனசுக்கு லேசாக இருக்கும். அவர் அரங்க வாசலிலேயே நின்றுகொண்டிருப்பார். வர முடியாது என்று உங்களுக்கே தெரிந்த பிறகு நம்பிக்கை கொடுப்பது, இருக்கிற தவறோடு இன்னொன்றைச் சேர்ப்பது. இரண்டாவது, 9 மணி. அப்படி எழுதிவிட்டால் வேலை முடியாவிட்டாலும் 9 மணிக்கு எழுந்து போய் ஒரு நிமிடம் பேசுங்கள். ஒரே மாலையில் இரண்டு வாக்குத் தவறுவதை யாரும் மறக்க மாட்டார்கள்.

காரணத்தை விவரிப்பதற்கு இது நேரம் இல்லை. மேலாளர் என்ன சொன்னார், வாடிக்கையாளர் எப்படிப்பட்டவர் என்பதையெல்லாம் வாசலில் நிற்பவர் எதற்காகப் படிக்க வேண்டும்?

பெரிய மன்னிப்பைச் சற்றுத் தள்ளி வைக்கச் சொல்வதற்கு ஆதாரம் இருக்கிறது. சிந்தியா ஃப்ரான்ட்ஸ், கோர்ட்னி பென்னிக்சன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2005இல் வெளியிட்ட ஆய்வில், உடனே வந்த மன்னிப்பைவிடச் சற்றுத் தாமதித்து வந்த மன்னிப்பு அதிக நிறைவு தந்ததாகக் கண்டார்கள். தாமதம் என்பதற்காக அல்ல. அந்த இடைவெளியில் பாதிக்கப்பட்டவர் தன் தரப்பைச் சொல்லி, தன்னைப் புரிந்துகொண்டார்கள் என்று உணர முடிந்ததற்காக. இதை வைத்து நாள் கணக்கில் தள்ளிப் போட வேண்டாம். 9 மணிக்குப் பேசும்போது அவர் சொல்வதைக் குறுக்கிடாமல் கேட்டுவிட்டு, அன்றிரவோ மறுநாள் காலையோ எழுதினால் சரியாக இருக்கும். அவர் பேசவே விரும்பவில்லை என்றாலும் மறுநாள் மதியத்தைத் தாண்ட விடாதீர்கள்.

எதற்காக மன்னிப்புக் கேட்கிறோம்?

இதுதான் எனக்குப் பிடிபட நாளான இடம். வேலை வந்ததற்காக மன்னிப்புக் கேட்கிறோம் என்றே பலரும் நினைக்கிறோம். வேலை வந்தது நம் தவறே இல்லை என்பதால், கேட்கும்போதே உள்ளுக்குள் ஒரு முணுமுணுப்பு ஓடும். அது வாக்கியத்தில் எங்கேயாவது கசிந்துவிடும்: “என்ன பண்றது”, “உனக்கே தெரியும்ல”.

எழுதத் தொடங்கும் முன் ஒரு தாளில், அல்லது மனசுக்குள், சில கேள்விகளுக்கு நேர்மையாகப் பதில் சொல்லிக்கொள்ளுங்கள். முதல் கேள்வி: வர முடியாமல் போகலாம் என்று எனக்கு எப்போது தோன்றியது? என் விஷயத்தில் 4 மணி. சொன்னது 6.10க்கு. அந்த 2 மணி 10 நிமிடம் முழுக்க முழுக்க என் பொறுப்பு. அதில் மேலாளருக்குப் பங்கு இல்லை. 4 மணிக்கே “இன்னைக்குச் சந்தேகம்தான்” என்று சொல்லியிருந்தால் அவர் கிளம்பியே இருக்க மாட்டார்.

அடுத்து, அவர் இதற்காக என்னென்ன செய்திருந்தார்? டிக்கெட் எடுத்தது எனக்குத் தெரியும். அன்று சீக்கிரம் கிளம்புவதற்காக ஷிப்டை மாற்றிக்கொண்டார் என்பதையும், அதற்கு ஈடாக ஞாயிறு வேலைக்கு ஒப்புக்கொண்டார் என்பதையும் அப்புறம்தான் கேட்டுத் தெரிந்துகொண்டேன். அப்புறம், இது எத்தனையாவது முறை? இரண்டு மாதத்தில் மூன்றாவது.

கடைசிக் கேள்விதான் கசப்பானது: எனக்கு வேறு வழியே இல்லையா? மருத்துவமனையில் அடுத்த ஷிப்ட் ஆள் வராதபோது நோயாளியை விட்டுவிட்டு ஒரு நர்ஸ் கிளம்ப முடியாது. நான் அப்படிப்பட்ட இடத்தில் இல்லை. “காலையில் சீக்கிரம் வந்து 8 மணிக்குள் முடித்துத் தரட்டுமா?” என்று மேலாளரிடம் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கேட்டு அவர் மறுத்திருந்தால் கதை வேறு. நிஜமாகவே வேறு வழி இல்லாதவர்கள் அதை ஒரே வரியில் சொன்னால் போதும். தகவல் சொல்லத் தாமதித்திருந்தால் அதற்கு மட்டும் பொறுப்பேற்றுக்கொள்ளலாம். செய்யாத தவறுக்கும் சேர்த்து உருகி உருகி எழுதினால் அதுவும் பொய்யாகத்தான் ஒலிக்கும்.

இந்தப் பதில்கள்தான் செய்திக்கான சரக்கு. சரக்கு கையில் இருந்தால் எழுதுவது பத்து நிமிட வேலை.

‘ஆயிடுச்சு’வும் ‘பண்ணிட்டேன்’னும்

தமிழில் பழியிலிருந்து நழுவுவது மிக எளிது. வினைச்சொல்லே வழி செய்து கொடுத்துவிடும். “ப்ளான் கேன்சல் ஆயிடுச்சு” என்றால் அது மழை பெய்தது மாதிரி, யாரும் எதுவும் செய்யவில்லை. “கேன்சல் பண்ணிட்டேன்” என்றால் செய்தது நான். “வேலை வந்துடுச்சு”, “லேட் ஆயிடுச்சு”, “சொல்ல முடியாம போச்சு” எல்லாமே இந்த வகைதான். எழுதி முடித்ததும் இப்படி ஆள் இல்லாத வினைகளைத் தேடிப் பிடித்து, ஒவ்வொன்றிலும் நீங்கள் செய்தது எது என்று பாருங்கள். “சொல்ல முடியாம போச்சு” என்பதை “சொல்லல” என்று மாற்றிப் படித்துப் பாருங்கள். சுருக்கென்று இருந்தால் சரியான வரிக்கு வந்துவிட்டீர்கள்.

“வர முடியல” கூட எப்போதும் உண்மை இல்லை. என் விஷயத்தில் அது “வரல”. ‘முடியல’ என்று எழுத எனக்கு உரிமை இருந்திருக்கும், மேலாளரிடம் ஒரு வார்த்தை கேட்டுப் பார்த்திருந்தால்.

‘சாரி’ என்ற சொல் நம்மிடம் தேய்ந்துபோய்விட்டது. கூட்டத்தில் தோள் இடித்தாலும் அதையேதான் சொல்கிறோம். அதற்காக “என்னை மன்னித்துவிடு” என்று எழுதினால் மேடை வசனம் மாதிரி ஆகிவிடும். ‘சாரி’யே இருக்கட்டும். எதற்கு என்பதை அதன் பக்கத்திலேயே வைத்துவிட்டால் அதற்குக் கனம் வந்துவிடும்: “4 மணிக்கே சொல்லாததுக்கு சாரி”. பத்து ‘சாரி’யை அடுக்குவதைவிட இந்த ஒன்று போதும்.

அழைக்கும் முறையை மாற்றாதீர்கள். தினமும் ‘ங்க’ போட்டுப் பேசுபவர் அன்றும் ‘ங்க’ போட வேண்டும். எங்களுக்குள் ‘நீ, வா, போ, டா’தான், அதனால் இங்கே உள்ள மாதிரிகள் அப்படி இருக்கின்றன. சாதாரண நாளில் எட்டிப் பார்க்காத ‘செல்லம்’, ‘தங்கம்’ எல்லாம் தப்பு செய்த அன்று வரிசையாக வந்து நின்றால், படிப்பவருக்குக் காரியம் புரிந்துவிடும்.

வெட்டியே ஆக வேண்டிய வரிகளும் உண்டு. “கோச்சுக்காதே” என்பது அவர் எப்படி உணர வேண்டும் என்று நாம் போடும் உத்தரவு. “உனக்குக் கஷ்டமா இருந்திருந்தா சாரி” என்பதில் அந்த ‘இருந்தா’ சந்தேகத்தைக் கிளப்புகிறது. இவற்றிலெல்லாம் மோசமானது “நமக்காகத்தானே இப்படி உழைக்கிறேன்”. அது உண்மையாகவே இருந்தாலும், அந்த இடத்தில் அது மன்னிப்புக் கேட்பதை விட்டுவிட்டு நன்றி எதிர்பார்ப்பது.

இப்போது எழுதலாம்

2016இல் ராய் லெவிக்கியும் அவருடைய சக ஆய்வாளர்களும் மன்னிப்பின் ஆறு கூறுகளை வைத்து ஆராய்ந்தார்கள்: வருத்தம், விளக்கம், தவறு என்னுடையது என்ற ஒப்புதல், இனி இப்படிச் செய்யமாட்டேன் என்ற உறுதி, சரிசெய்ய முன்வருவது, மன்னிக்கும்படி கேட்பது. அவற்றில் மிக முக்கியமானதாக வந்தது, தவறு என்னுடையது என்ற ஒப்புதல். அதற்கு அடுத்தது சரிசெய்ய முன்வருவது. மன்னிக்கும்படி கேட்பதற்குத்தான் எல்லாவற்றையும்விட மதிப்புக் குறைவு. நாமோ பெரும்பாலும் அதைத்தான் மூன்று முறை எழுதி, முதல் இரண்டையும் விட்டுவிடுகிறோம். என் 6.10 செய்தியில் விளக்கமும் கெஞ்சலும் இருந்தன, ஒப்புதல் இல்லை. “இன்னொரு நாள்” என்பதைச் சரிசெய்வதாக யாரும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

அந்தப் பதில்களை வைத்து நான் எழுதியிருக்க வேண்டியது இது:

“நேத்து நான் வராம விட்டது தப்பு. வேலை வந்தது 4 மணிக்கு. அப்பவே எனக்குச் சந்தேகம் இருந்தது, முடிச்சுடலாம்னு நினைச்சு உன்கிட்ட சொல்லல. நீ ஷிப்ட் மாத்திக்கிட்டுக் கிளம்பி வாசல்ல வந்து நின்ன பிறகுதான் சொன்னேன். அதுக்கு சாரி டா. காலைல முடிச்சுத் தரட்டுமான்னு மேனேஜரைக் கேட்டிருக்கலாம், அதையும் கேக்கல. ரெண்டு மாசத்துல இது மூணாவது தடவைன்னு எனக்கும் தெரியும். அதே நாடகம் அடுத்த சனிக்கிழமையும் இருக்கு. உனக்குப் பாக்கணும்னு இருந்தா டிக்கெட் நான் எடுக்கறேன், வேற ஏதாவதுன்னாலும் சொல்லு. இனிமே சந்தேகம் வந்த உடனே சொல்லிடறேன். இப்பவே பதில் போடணும்னு இல்ல.”

காரணத்துக்கு எவ்வளவு இடம் போயிருக்கிறது என்று பாருங்கள். “வேலை வந்தது 4 மணிக்கு” என்ற நான்கு சொற்கள், அதுவும் சாக்காக இல்லை, சாட்சியாக. அவருக்கு என்ன ஆயிற்று என்பதற்கு ஒரு காட்சி: ஷிப்ட் மாற்றியது, வாசலில் நின்றது. “உனக்கு எவ்வளவு வேதனையா இருந்திருக்கும்னு புரியுது” என்று எழுதவில்லை. அவருக்கு வேதனையா, எரிச்சலா, அவமானமா என்று எனக்கு எப்படித் தெரியும்? நடந்ததைச் சொன்னால் போதும், என்ன உணர்ந்தார் என்பதை அவர் சொல்லிக்கொள்ளட்டும்.

நீளத்தைப் பொறுத்தவரை, போனில் விரல் வைத்து இரண்டு முறைக்கு மேல் தள்ளிப் படிக்கும்படி இருந்தால் அது மன்னிப்பிலிருந்து மனுவாக மாறிக்கொண்டிருக்கிறது. அனுப்பும் முன் வாய்விட்டு ஒரு முறை படியுங்கள். உங்கள் குரலில் சொல்ல வராத வரியை எடுத்துவிடுங்கள்.

புதிய நாளைக் குறிக்கும்போது

குற்ற உணர்ச்சியில் நாம் மிகப் பெரிய ஈட்டை, மிகச் சீக்கிரமான நாளில் அறிவித்துவிடுவோம். நாளைக்கே போகலாம் என்போம். அங்கேதான் அடுத்த ரத்து பிறக்கிறது. ஒரு வேலை எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று கணிப்பதில் மனிதர்கள் எவ்வளவு மோசம் என்பதை ரோஜர் ப்யூலரும் சக ஆய்வாளர்களும் 1994இல் காட்டினார்கள். மாணவர்கள் தங்கள் ஆய்வேட்டை முடிக்கச் சராசரியாக 34 நாள் ஆகும் என்றார்கள். பிடித்தது 55 நாளுக்கும் மேல். 4 மணிக்கு வந்த அறிக்கையை 6 மணிக்குள் முடிப்பேன் என்ற என் கணக்கும் இதே ரகம்தான்.

அதனால் புதிய நாளை எழுதும் முன் அலுவலக நாட்காட்டியைத் திறந்து பாருங்கள். மாதக் கடைசி, தணிக்கை, ஒப்படைப்பு நாள் எதுவும் பக்கத்தில் இல்லாத நாளாக, முடிந்தால் விடுமுறை நாளாகப் பாருங்கள். போன முறை ஏற்பாடு அவருடையது என்றால் இந்த முறை முழு ஏற்பாடும் உங்களுடையது. நாள் குறிப்பாக இருக்க வேண்டும், ஆனால் முடிவு அவர் கையில் இருக்க வேண்டும். அந்த நாடகத்தின் மீதே அவருக்கு வெறுப்பு வந்திருக்கலாம். பரிசு வாங்கி அனுப்புவதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். முதல் முறை இனிக்கும். அடுத்த முறை, ஒவ்வொரு ரத்துக்கும் ஒரு விலை வைத்தது போல ஆகிவிடும்.

“இனிமே இப்படி நடக்கவே நடக்காது” என்றும் எழுத வேண்டாம். வேலை மறுபடி வரத்தான் செய்யும். உங்கள் கைக்குள் இருப்பது, சந்தேகம் வந்ததும் சொல்வது. அதை மட்டும் சொல்லுங்கள்.

அனுப்பிய பிறகு

“சரி” என்று மட்டும் வந்தால், படித்தேன் என்று அர்த்தம். மன்னித்தேன் என்று அல்ல. “பரவாயில்ல” என்பதையும் உடனே நம்பிவிட வேண்டாம். “சரி, சாப்டியா?” என்று வந்தால் மூச்சு விடலாம். பதிலே வராவிட்டால் “படிச்சியா?”, “ஏன் ஒண்ணும் சொல்லல?” என்று தொடர்ந்து அனுப்பாதீர்கள், இப்பவே பதில் போட வேண்டாம் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். நேரில் பார்க்கும்போது வழக்கம்போல நடந்துகொள்ளுங்கள், பேச்சை அவர் எடுக்கட்டும். கோபமாக ஒரு நீண்ட பதில் வந்தால் அது நல்ல செய்திதான். அதில் உள்ள ஒரு விவரம் தவறாக இருந்தாலும் அன்றைக்குத் திருத்தாதீர்கள்.

ஒரே காரணத்துக்கு மூன்றாவது முறை மன்னிப்பு எழுதுகிறீர்கள் என்றால், செய்தி எவ்வளவு நன்றாக இருந்தாலும் அதனால் ஆவது கொஞ்சம்தான். எங்களுக்கும் உட்கார்ந்து பேச வேண்டியிருந்தது. டிக்கெட் எடுக்கிற திட்டம் எதையும் வேலை நாளில் வைப்பதில்லை என்று முடிவு செய்தோம். வேலை நாளில் வெளியே போவதாக இருந்தால், 3 மணிக்கு நான் ஒரு வரி அனுப்ப வேண்டும்: ‘வரேன்’, இல்லையென்றால் ‘சந்தேகம்’. ‘சந்தேகம்’ என்று வந்தால் அவர் எனக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.

போன மாதம் ஒரு நாள் 3 மணிக்கு ‘சந்தேகம்’ என்று அனுப்பினேன். வேலை என்னவோ 5.30க்கே முடிந்துவிட்டது. பெருமையாக அழைத்து, “வரேன், கிளம்பு” என்றேன். “நான் காலை நீட்டிப் படுத்தாச்சு, இனி எழுந்திருக்க மாட்டேன்” என்று போனை வைத்துவிட்டார்.